மார்ச் 31-இல் கடலில் மிதக்கும் சரக்கு: இறக்குமதிக் கொள்முதலைத் தணிக்கை செய்யும் முறை

ஆர்ட்டிக்கிள்ஷிப்பில் சேர்ந்து முதன்முறையாக இறக்குமதிக் கோப்பைக் கையில் வாங்குபவர்களுக்காக இது எழுதப்படுகிறது. கொங்கு வட்டாரத்தில் இந்தக் கோப்பு எங்கும் வரும். கோவையில் பம்ப் செய்பவர் பேரிங்கும் மெக்கானிக்கல் சீலும் தருவிப்பார். திருப்பூரில் நிட்டிங் ஊசியும் சாயமும் வரும். நூற்பாலைக்குப் பஞ்சு வரும். பொருள் எதுவானாலும் தணிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். வருடக் கடைசியில் அந்தச் சரக்கு யாருடையது? அது கம்பெனியுடையது என்றால், அதன் விலை எவ்வளவு?

இதற்காக ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப் செய்யும் கம்பெனி. சீனாவின் நிங்போ துறைமுகத்திலிருந்து எஃப்ஓபி அடிப்படையில் ஒரு கன்டெய்னர் வாங்குகிறது. இன்வாய்ஸ் 40,000 டாலர். அதில் 20,000 பேரிங், ஒன்று 1.50 டாலர் வீதம் 30,000 டாலர். மீதி 10,000 மெக்கானிக்கல் சீல், ஒன்று 1 டாலர். பணம் 60 நாள் கடனில். சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் தாளான பில் ஆஃப் லேடிங்கின்படி சரக்கு கப்பலேறிய நாள் மார்ச் 20. கப்பல் ஏப்ரல் 12-இல் தூத்துக்குடிக்கு வருகிறது. இதில் வரும் டாலர் விலை, வரி விகிதம், செலவுத் தொகை எல்லாம் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. உண்மையான விகிதத்தை அந்தந்தப் பொருளின் எச்எஸ்என் எண்ணையும் அன்றைய அறிவிக்கையையும் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில், பட்டியல் எங்கிருந்து வர வேண்டும்

கணக்காளரிடம் "இம்போர்ட் லிஸ்ட் கொடுங்க" என்று கேட்டால் டேலியில் உள்ள இறக்குமதிக் கொள்முதல் லெட்ஜரை அச்சடித்துக் கொடுப்பார். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிலிருந்து வேலையைத் தொடங்காதீர்கள். பதிவு செய்யாமல் விட்டது எதுவும் அந்த லெட்ஜரில் இருக்காது, நாம் தேடுவதோ அதைத்தான்.

வெளியிலிருந்து வரும் பட்டியல்கள் சில உண்டு. சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் கம்பெனியின் ஏற்றுமதி இறக்குமதி அடையாளமான ஐஇசி எண்ணுக்கு எதிரே தாக்கலான பில் ஆஃப் என்ட்ரிகளை, அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிக்கைகளைப் பார்க்கலாம். ஜிஎஸ்டிஆர்-2பி-யில் பொருள் இறக்குமதிக்கென்று தனிப் பகுதி உள்ளது, அங்கும் ஒவ்வொரு பில் ஆஃப் என்ட்ரியும் ஐஜிஎஸ்டியோடு வரும். இந்த இரண்டையும் கம்பெனி லெட்ஜரோடு ஒப்பிட்டாலே வருடத்துக்குள் வந்திறங்கிய சரக்குகளில் விட்டுப்போனது தெரிந்துவிடும்.

ஆனால் நம் கன்டெய்னருக்கு மார்ச் 31 அன்று பில் ஆஃப் என்ட்ரியே கிடையாது. அது நடுக்கடலில் இருக்கிறது. அதைப் பிடிக்க அடுத்த வருடத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தாக்கலான எல்லாப் பில் ஆஃப் என்ட்ரிகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் பில் ஆஃப் லேடிங் தேதியை மட்டும் பாருங்கள். மார்ச் 31 அல்லது அதற்கு முன் தேதியிட்டவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். நீண்ட பயணமோ கொழும்பில் கப்பல் மாற்றுவதோ இருந்தால் ஜூன் முதல் வாரம் வரை பார்ப்பது நல்லது. கூடவே, மார்ச் 31 அன்று "வெளிநாட்டு சப்ளையருக்கு அட்வான்ஸ்" என்று நிற்கும் ஒவ்வொரு தொகையையும் எடுத்து, அதற்கான சரக்கு எங்கே என்று கேளுங்கள். சீனக் கொள்முதலில் 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் பில் ஆஃப் லேடிங் நகலைப் பார்த்ததும் என்று பேசுவது வழக்கம். அப்படியானால் சரக்கு கப்பலேறிவிட்டது, முழுப் பணமும் போய்விட்டது, கணக்கிலோ அது இன்னும் அட்வான்ஸாகவே கிடக்கும். விடுபட்ட சரக்கைக் காட்டிக்கொடுப்பதில் இந்த அட்வான்ஸ் லெட்ஜருக்கு நிகரில்லை.

சரக்கு யாருடையது

இதில் கணக்காளருக்கும் தணிக்கையாளருக்கும் வழக்கமாக நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"சரக்கு தூத்துக்குடி வந்து டூட்டி கட்டுனாத்தானுங்க சார் நம்முது. அதுவரைக்கும் நான் எப்படிங்க ஸ்டாக்ல எடுக்கறது?"

டூட்டி கட்டுவதற்கும் உரிமை மாறுவதற்கும் சம்பந்தமில்லை. எஃப்ஓபி என்றால் ஏற்றுமதித் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதுமே நஷ்ட அபாயம் வாங்குபவரிடம் வந்துவிடுகிறது. மார்ச் 25-இல் கப்பல் மூழ்கினால் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போட வேண்டியவர் கோவைக்காரர், நிங்போக்காரருக்கு 40,000 டாலர் கொடுத்தாக வேண்டியவரும் அவர்தான். எனவே மார்ச் 20 முதல் அது இவருடைய சரக்கு, இவருடைய கடன்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது சிஐஎஃப் தூத்துக்குடி என்று போட்ட இன்வாய்ஸில். தூத்துக்குடி என்று எழுதியிருப்பதால், அங்கே வரும்வரை அபாயம் விற்பவருடையது என்று தோன்றும். அப்படி இல்லை. சிஐஎஃப்-இல் கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் விற்பவர் கட்டுகிறார், அவ்வளவுதான். அபாயம் எஃப்ஓபி போலவே ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு கப்பலேறியதும் மாறிவிடும். அபாயம் சேருமிடம் வரை விற்பவரிடமே நிற்பது டிஏபி, டிடிபி போன்ற விதிமுறைகளில். எக்ஸ் வொர்க்ஸ் என்றால் நேர்மாறு: சப்ளையரின் தொழிற்சாலையிலேயே அபாயம் மாறிவிடும், கப்பலேறும் தேதிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. விதிமுறை இன்வாய்ஸில் ஒன்றும் பர்ச்சேஸ் ஆர்டரில் வேறொன்றுமாக இருந்தால், வாடகை பில் யார் பேரில் வந்தது என்று பாருங்கள். உண்மையில் நடந்தது அதில் தெரியும். இதோடு, உரிமை எப்போது மாறும் என்று ஒப்பந்தத்தில் தனியாக ஏதாவது ஷரத்து இருக்கிறதா என்றும் ஒருமுறை படித்துவிட வேண்டும். கடலில் இருக்கும்போதே கம்பெனி சரக்கை வேறொருவருக்கு விற்றிருந்தால் அது நம் இருப்பிலிருந்து போய்விட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து தேதி. பில் ஆஃப் லேடிங்கில் அச்சான தேதியும் சரக்கு கப்பலேறிய தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. "கப்பலேற்றப்பட்டது" என்ற குறிப்பும் அதற்கான தேதியும் தனியாக இருக்கும். நமக்கு வேண்டியது அது. "ஏற்றுவதற்காகப் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று மட்டும் இருந்தால் சரக்கு அப்போது யார்டில் நின்றது என்று பொருள். தேதி மார்ச் 28-க்கும் ஏப்ரல் 3-க்கும் நடுவில் விழுந்தால் தாளை மட்டும் நம்ப வேண்டாம். கன்டெய்னர் எண்ணைக் கப்பல் கம்பெனியின் டிராக்கிங் பக்கத்தில் போட்டால் ஏற்றிய நாளும் கப்பலின் பேரும் வரும். பழைய பயணங்களின் விவரம் அந்தப் பக்கத்திலிருந்து போய்விடும், அதனால் இதை ஏப்ரல் மே-யிலேயே செய்து நகலைக் கோப்பில் வையுங்கள். செப்டம்பரில் தேடினால் அந்த எண்ணுள்ள கன்டெய்னர் வேறெங்கோ வேறு சரக்கோடு போய்க்கொண்டிருக்கும்.

சரக்கு உண்மையில் இருந்ததா என்பதற்கு, பின்னால் வந்து சேர்ந்ததே சாட்சி. கடலில் போய் எண்ண முடியாது. ஏப்ரலில் வந்தபோது எழுதிய கேட் என்ட்ரி, சரக்கு பெற்ற சீட்டு, துறைமுகத்திலிருந்து வந்த லாரியின் இ-வே பில் மூன்றிலும் கன்டெய்னர் எண்ணும் அளவும் ஒத்துப்போக வேண்டும். பேக்கிங் லிஸ்ட்டில் 20,000 பேரிங், பெற்ற சீட்டில் 19,600 என்றால், குறைந்த 400 எங்கே, க்ளெய்ம் போட்டார்களா என்று கேளுங்கள். அந்த 400 கப்பலேறும்போதே குறைந்திருந்து, அதையும் மார்ச் 31 இருப்பில் வைத்திருந்தால் அது தவறு.

கடலில் உள்ள சரக்கை எந்த விலைக்கு எழுதுவது

மார்ச் 20 அன்று டாலர் ரூ.85.00 என்று வைப்போம். கொள்முதல் 40,000 × 85 = ரூ.34,00,000. மார்ச் 31-இல் டாலர் ரூ.85.50. சப்ளையருக்குத் தர வேண்டிய கடன் பண இனம், அதாவது மானிட்டரி ஐட்டம், அதை அன்றைய விலைக்கு மாற்ற வேண்டும்: ரூ.34,20,000. வித்தியாசம் ரூ.20,000 நாணய மாற்று நஷ்டமாக லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். சரக்கின் விலை ரூ.34,00,000-இலேயே நிற்கும். அதை 34,20,000 ஆக்கக் கூடாது. முன்பணம் கொடுத்த பகுதி இருந்தால் அது பண இனம் ஆகாது. இண்ட் ஏஎஸ் பின்பற்றும் கம்பெனியில் அந்தப் பகுதிக்குச் சரக்கின் விலையும் முன்பணம் கொடுத்த நாளின் மாற்று விலையிலேயே வரும்.

சுங்க வரி? இன்னும் இந்தியாவுக்குள்ளேயே வராத சரக்கு. வரி கட்டும் பொறுப்பு எழவில்லை, எனவே மார்ச் 31 விலையில் வரியைச் சேர்ப்பதில்லை. ஆனால் அதே மார்ச் 31-இல் சரக்கு தூத்துக்குடியில் இறங்கி, பில் ஆஃப் என்ட்ரி மதிப்பீடாகி, பணம் மட்டும் ஏப்ரல் 2-இல் கட்டியிருந்தால், வரியைச் சரக்கிலும் கடனிலும் சேர்க்க வேண்டும். வரி கட்டும்வரை சரக்கை வைக்கும் பாண்டட் கிடங்கில் கிடக்கும் சரக்குக்கு வரியை இரு பக்கமும் காட்டுவது நல்ல நடைமுறை. லாபம் மாறாது, ஆனால் கம்பெனி வருடாவருடம் ஒரே கொள்கையைப் பின்பற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"லாபம் மாறலையே, அப்புறம் எதுக்கு சார் இந்த 34 லட்சத்தை ஏத்தணும்" என்று கேட்பார்கள். லாபத்தில் 20,000 ரூபாய் மாறுகிறது என்பது உண்மை. அதைவிட முக்கியம், கம்பெனிக்கு 34.20 லட்சம் கடன் இருப்பது பேலன்ஸ் ஷீட்டில் தெரியாமல் போகிறது. ஓவர்டிராஃப்ட் கணக்கு வைத்திருக்கும் கம்பெனி எடுக்கக்கூடிய தொகையின் வரம்பான டிராயிங் பவரை வங்கி கணக்கிடும்போது கடன் கொடுத்தவர்களின் தொகையைக் கழித்துத்தான் கணக்கிடும். இந்தக் கடன் விடுபட்டால் அந்தக் கணக்கே பிசகும். கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையும் வழியிலுள்ள சரக்கைச் சம்பந்தப்பட்ட சரக்கு வகையின் கீழ் தனியே காட்டச் சொல்கிறது.

ஏப்ரலில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மார்ச் 31-இல் போட்ட பதிவைத் திருப்பாமலே, சரக்கு வந்ததும் பில் ஆஃப் என்ட்ரியை வைத்து மறுபடியும் கொள்முதல் போட்டுவிடுவார்கள். சப்ளையர் கணக்கில் அதே இன்வாய்ஸ் எண் இரண்டு முறை இருக்கிறதா என்று தேடினால் போதும்.

பில் ஆஃப் என்ட்ரியில் உள்ள மதிப்பு கொள்முதல் விலை அல்ல

இந்தக் கோப்பில் ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்வதென்றால் இதைத்தான் சொல்வோம். நம் கன்டெய்னருக்குச் சுங்கத் துறை மதிப்பிட்டதைப் பாருங்கள்.

எஃப்ஓபி 40,000 டாலர். கப்பல் வாடகை 1,200 டாலர். இன்ஷூரன்ஸ் செலவுக்கான தாளைக் கம்பெனி கொடுக்கவில்லை. அப்படித் தெரியாதபோது சுங்க மதிப்பீட்டு விதிகள், 2007-இன்படி எஃப்ஓபி மதிப்பில் 1.125 சதவீதம் சேர்ப்பார்கள், அது 450 டாலர். மொத்தம் 41,650 டாலர். பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்த நாளில் சுங்கத் துறை அறிவித்திருந்த மாற்று விலை ரூ.86.00 என்றால், வரிக்கான மதிப்பு ரூ.35,81,900.

அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம் என்று வைத்தால் ரூ.2,68,642.50. அதன்மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் கட்டணம் ரூ.26,864.25. இரண்டும் சேர்ந்து ரூ.2,95,507. வரிக்கான மதிப்போடு இதைச் சேர்த்த தொகையின் மேல் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி ரூ.6,97,933.

இப்போது பல கணக்காளர்கள் பில் ஆஃப் என்ட்ரியைக் கையில் வைத்துக்கொண்டு, கொள்முதல் ரூ.35,81,900 என்று பதிவு செய்வார்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னில் உள்ள தொகையோடு ஒத்துப்போகிறது என்று திருப்தியும் வந்துவிடும். உண்மையான கொள்முதல் ரூ.34,00,000. கூடுதலாக ஏறிய ரூ.1,81,900 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள்: சுங்கத் துறை மாற்று விலைக்கும் மார்ச் 20 விலைக்கும் உள்ள ஒரு ரூபாய் வித்தியாசத்தால் ரூ.40,000. கப்பல் வாடகை ரூ.1,03,200. இன்ஷூரன்ஸ் என்று கற்பனையாகச் சேர்த்தது ரூ.38,700. வாடகைக்கு, கப்பலில் இடம் ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரின் பில் தனியாக வந்து அதுவும் சரக்கு விலையில் ஏறும், ஆகவே அது இரண்டு முறை ஏறுகிறது. இன்ஷூரன்ஸோ யாருக்கும் கொடுக்காத பணம். கம்பெனி தன் ஓபன் பாலிசியில் இந்தச் சரக்குக்குக் கட்டிய பிரீமியம் ரூ.4,500 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் விலையில் வர வேண்டியது அந்த 4,500. (பிரீமியத் தாளைக் கொடுத்திருந்தால் வரியும் கொஞ்சம் குறைந்திருக்கும். இதை நிர்வாகத்துக்குச் சொல்வது தணிக்கையாளர் செய்யும் நல்ல உபகாரம்.)

இந்தத் தவறு நடந்திருக்கிறதா என்று வவுச்சர்களைப் புரட்டாமலே கண்டுபிடிக்கலாம். சப்ளையருக்குப் பணம் கட்டும் நாளில் டாலர் ரூ.86.40 என்று வையுங்கள், கட்டுவது ரூ.34,56,000. கணக்கில் கடன் ரூ.35,81,900 என்று நிற்பதால் ரூ.1,25,900 மிச்சப்படும். அதை நாணய மாற்று லாபம் என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுவார்கள். கொள்முதல் நாளிலிருந்து டாலர் 85-இலிருந்து 86.40-க்கு ஏறியிருக்கிறது. கடனாளிக்கு அது நஷ்டம், மொத்தம் ரூ.56,000. ரூபாய் சரிந்த வருடத்தில் இறக்குமதியாளர் லெட்ஜரில் மாற்று லாபம் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஆக, ஒரே கன்டெய்னருக்கு மாற்று விலைகள் மூன்று. பில் ஆஃப் லேடிங் நாளின் விலை கொள்முதலுக்கு. சுங்கத் துறை அறிவித்த விலை வரிக்கு மட்டும். வங்கி பிடித்த விலை பணம் கட்டியதற்கு. உங்கள் வேலைத்தாளில் மூன்றுக்கும் மூன்று கட்டம் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

லேண்டட் காஸ்ட்: எது உள்ளே, எது வெளியே

ஏஎஸ் 2 சொல்வது சுருக்கமானது. வாங்கிய விலை, திரும்பப் பெற முடியாத வரிகள், சரக்கை இருக்கும் இடத்துக்கும் நிலைக்கும் கொண்டுவர நேரடியாக ஆன செலவு, இவை உள்ளே. திரும்பக் கிடைக்கும் வரி, அசாதாரண விரயம், வெளியே. அபராதத்தையும் வெளியேதான் வைக்க வேண்டும். நம் கன்டெய்னர் ஏப்ரலில் கோவைக் கிடங்கில் இறங்கியபோது கணக்கு இப்படி வரும்:

| விவரம் | ரூபாய் |
|---|---|
| சரக்கு விலை (40,000 × 85) | 34,00,000 |
| கப்பல் வாடகை, ஃபார்வர்டர் பில்படி (1,200 × 85.80) | 1,02,960 |
| இன்ஷூரன்ஸ், உண்மையான பிரீமியம் | 4,500 |
| சுங்க வரியும் கூடுதல் கட்டணமும் | 2,95,507 |
| துறைமுகம், கன்டெய்னர் நிலையம், டெலிவரி ஆர்டர் | 38,000 |
| சுங்க முகவரான சிஎச்ஏ-வின் கட்டணம் | 9,000 |
| தூத்துக்குடி – கோவை லாரி வாடகை | 32,000 |
| மொத்தம் | 38,81,967 |

ஐஜிஎஸ்டி ரூ.6,97,933 இதில் இல்லை, ஏனெனில் அது உள்ளீட்டு வரிக் கடனாகத் திரும்பக் கிடைக்கிறது. இங்கே நடக்கும் தவறு இரண்டு வகை. வரிச் சலான் ஒரே தொகையாக ரூ.9,93,440 கட்டப்பட்டிருக்கும், கணக்காளர் முழுவதையும் "சுங்க வரி" லெட்ஜரில் போட்டுவிடுவார். அல்லது சிஎச்ஏ தன் கையிலிருந்து வரியைக் கட்டிவிட்டு டெபிட் நோட் அனுப்புவார், மொத்தமும் "கிளியரிங் செலவு" என்று போய்விடும். இரண்டிலுமே சரக்கு விலை கிட்டத்தட்ட 7 லட்சம் ஊதிப்போகும், வரிக் கடனும் எடுக்காமல் போகும். பில் ஆஃப் என்ட்ரியை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒப்பிடும்போது இது தானாக வெளியே வரும். வரிக் கடன் கிடைக்காத பொருள் என்றால் மட்டும் ஐஜிஎஸ்டி செலவில் சேரும்.

சிஎச்ஏ-வின் பில்லை வரி வரியாகப் படியுங்கள். அவர் முதலில் கட்டித் திரும்ப வாங்கும் செலவுகளுக்கு மூல பில் யார் பேரில் இருக்கிறது என்பதே முக்கியம். கன்டெய்னர் நிலையத்தின் பில் இறக்குமதியாளர் பேரிலும் அவருடைய ஜிஎஸ்டி எண்ணிலும் இருந்தால் அதன் வரி கடனாகக் கிடைக்கும், சரக்கு விலையில் சேராது. பில் சிஎச்ஏ பேரில் இருந்து, அவர் வரியோடு சேர்த்துத் தொகையை மட்டும் வசூலித்தால், அந்த வரி நமக்கு முழுச் செலவு.

இந்தக் கன்டெய்னருக்கு இன்னும் ரூ.27,000 செலவானதாக வைத்துக்கொள்ளுங்கள். பில் ஆஃப் என்ட்ரி ஒரு நாள் தாமதமானதற்கு ரூ.5,000, கன்டெய்னரைத் திருப்பித் தர நாளானதற்குக் கப்பல் கம்பெனி பிடித்த டிட்டென்ஷன் ரூ.22,000. கடல்வழிச் சரக்குக்குப் பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு ரூ.5,000, பிறகு நாளொன்றுக்கு ரூ.10,000. சிஎச்ஏ அனுப்பிய செக்லிஸ்ட்டைப் பார்த்து ஓகே சொல்ல ஆள் இல்லாமல் கிடந்ததால் வரும் செலவு இது. பொருளின் மதிப்பை இது கூட்டவில்லை. நேராக லாப நஷ்டக் கணக்குக்குப் போக வேண்டும். சிஎச்ஏ பில்லில் இது "இதர செலவு" என்று ஒரே வரியில் ஒளிந்திருக்கும், அதனால் மூல ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எல்லாக் கன்டெய்னருக்கும் வழக்கமாகவே டிட்டென்ஷன் வருகிறது, அதனால் அது சாதாரணச் செலவுதான் என்று சில கம்பெனிகள் வாதிடும். ஒழுங்கீனம் வழக்கமாகிவிட்டால் அது சரக்கின் விலையாகிவிடாது என்பதே எங்கள் நிலை.

வரியைப் பணமாகக் கட்டாமல், ரோட்டெப், ஆர்ஓஎஸ்சிடிஎல் போன்ற ஏற்றுமதிச் சலுகை ஸ்க்ரிப்பை வைத்துக் கழித்திருந்தாலும் சுங்க வரி செலவில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகாததால் கணக்காளர் வரிப் பதிவையே விட்டுவிடுவார். ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்து நடக்கும் திருப்பூர்க் கம்பெனிகளில் இதைத் தேடுங்கள்.

இரண்டு பொருளுக்கும் எப்படிப் பிரிப்பது

டேலியில் கூடுதல் செலவை மதிப்பின் அடிப்படையிலோ அளவின் அடிப்படையிலோ தானாகப் பிரிக்க முடியும். அளவைத் தேர்ந்தெடுத்தால் 30,000 துண்டுகளுக்கும் சமமாகப் பிரியும், ஒரு சிறிய சீலுக்கும் ஒரு கனமான பேரிங்குக்கும் ஒரே வாடகை ஏறும். அது பொருத்தமில்லை. சுங்க வரியைப் பில் ஆஃப் என்ட்ரியில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே உள்ளபடியே போட வேண்டும், அங்கே வரி விகிதமே வேறாகவும் இருக்கலாம். இன்ஷூரன்ஸ் மதிப்பின்படி. வாடகை வகைச் செலவுகள் பேக்கிங் லிஸ்ட்டில் உள்ள எடையின்படி.

எடையில் பேரிங் 90 சதவீதம் என்றால், வாடகை, துறைமுகம், சிஎச்ஏ, லாரி எல்லாம் சேர்ந்த ரூ.1,81,960-இல் பேரிங்குக்கு ரூ.1,63,764, சீலுக்கு ரூ.18,196. முடிவில் பேரிங் ஒன்று ரூ.146.94, சீல் ஒன்று ரூ.94.32 என்று வரும். எல்லாவற்றையும் மதிப்பின்படியே பிரித்தால் பேரிங் ரூ.145.57, சீல் ரூ.97.05. பேரிங்கில் ஒரு சதவீதம், சீலில் மூன்று சதவீதத்துக்கு அருகில் வித்தியாசம். இரண்டு பொருளும் முழுக்க இருப்பில் இருக்கும்வரை மொத்தம் ஒன்றேதான். ஒன்று தீர்ந்து மற்றது தேங்கும்போதுதான் வித்தியாசம் கணக்கில் தெரியும். இங்கே அதற்காகச் சண்டை போடத் தேவையில்லை. கம்பெனி எந்த முறையைப் பின்பற்றினாலும் வருடத்துக்கு வருடம் மாற்றாமல் இருந்தால் ஏற்கலாம். ஒரே கன்டெய்னரில் விலையுயர்ந்த சின்னப் பொருளும் விலை குறைந்த கனமான வார்ப்படமும் சேர்ந்து வந்தால்தான் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

சில கம்பெனிகள் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் கணக்குப் போடாமல், சரக்கு விலையோடு ஒரு நிலையான சதவீதத்தைச் சேர்த்துவிடும். நம் கன்டெய்னரில் கூடுதல் செலவு ரூ.4,81,967, அதாவது சரக்கு விலையில் 14.18 சதவீதம். கம்பெனி 18 சதவீதம் சேர்க்கிறது என்றால், கடைசி மூன்று மாதத்தின் சில கன்டெய்னர்களுக்கு இதே அட்டவணையைப் போட்டு உண்மைச் சதவீதத்தை எடுங்கள். கப்பல் வாடகை ஏறி இறங்கும்போது பழைய சதவீதம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். வாடகை உச்சத்தில் இருந்த வருடத்தில் போட்ட சதவீதத்தை இன்றைய இருப்புக்கும் போட்டால், அந்த அதிகத் தொகை அப்படியே லாபமாகக் காட்டப்படுகிறது.

வேலைத்தாளில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு வரி போதும்: பில் ஆஃப் லேடிங் எண்ணும் கப்பலேறிய தேதியும், விதிமுறை, டாலர் தொகை, மூன்று மாற்று விலைகள், பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் தேதியும், சுங்க வரி தனியே ஐஜிஎஸ்டி தனியே, சரக்கு பெற்ற சீட்டின் தேதி. பில் ஆஃப் என்ட்ரி நகல் வாங்கும்போது சுங்கத் துறை சரக்கை விடுவித்த பிறகு எடுத்த நகலாகக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முந்தைய நகலில் உள்ள வரி பின்னால் மறுமதிப்பீட்டில் மாறியிருக்கலாம், கட்டிய சலானோடு அது ஒத்துப்போகாமல் நின்றால் அரை நாள் வீணாகும்.